மிக்கசா மலையில் எழுந்த நிலா

"ஐயா, என் மகன் ஜப்பானில், நகோயாவில் வேலை பார்க்கிறான். போன புத்தாண்டுக்கு அந்த நாட்டு விளையாட்டுச் சீட்டுக்கட்டு ஒன்றை அனுப்பியிருந்தான். அதில் நூறு கவிதைகள். ஏழாவது சீட்டோடு மட்டும் ஒரு தாளை இணைத்து, 'இந்த நிலா, கசுகாவில் மிக்கசா மலைமேல் எழுந்த அதே நிலாதான் என்று வானத்தைப் பார்த்து நினைத்துக்கொள்கிறேன்' என்று தமிழில் எழுதிவைத்திருந்தான். சீனாவுக்குப் போய்க் கடைசிவரை ஊர் திரும்பாத ஒருவர் பாடியதாம். இதைப் படித்து அழுதேன் அம்மா என்று போனில் சொன்னான். எனக்கோ, நிலாவைப் பார்த்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். இதை எப்படிப் படிக்க வேண்டும்?"
— ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திண்டுக்கல்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகன் எழுதிய தமிழில் பொருட்பிழை இல்லை. ஆனால் அவர் வாக்கியத்தில் நிலா முதலிலேயே உதித்துவிட்டது. மூலத்தில் அது கடைசி அடியில்தான் உதிக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் கவிதையின் பெரும்பகுதி உங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பது என் எண்ணம். மூலத்தை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். பொருள் தெரியாவிட்டாலும் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

அமா நோ ஹரா
ஃபுரிசகே மிரெபா
கசுகா நரு
மிக்கசா நோ யமா நி
இதேஷி ட்சுகி கமோ

ஐந்து அடிகள், அடிக்கு 5, 7, 5, 7, 7 என்று மொத்தம் 31 அசையொலிகள். இதைச் சொல்லுக்குச் சொல் நான் தமிழாக்கினால் இப்படி வருகிறது:

வானப் பெருவெளியைத்
தொலைவு நோக்கிப் பார்க்கையில்
கசுகாவில் உள்ள
மிக்கசா மலையிலே
எழுந்த நிலாவோ

ஜப்பானிய மொழியின் சொல்வரிசை ஏறக்குறைய நம்முடைய சொல்வரிசையேதான். "மலையில் எழுந்த நிலா" என்று பெயரெச்சத்தை முன்னே வைத்துப் பெயரைப் பின்னே வைக்கும் வழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்ப்பவர் நிலாவை முன்னே இழுத்து, மலையைப் பின்னே தள்ளியாக வேண்டும். தமிழில் அந்த நெருக்கடி இல்லை. உங்கள் மகன் ஆங்கிலத்தின் வழியாக இந்தக் கவிதையை அடைந்திருக்கக்கூடும் என்று அவருடைய வரிசையைப் பார்த்து ஊகிக்கிறேன். மூலத்தின் வரிசையில் படித்தால் கண் போகும் வழி தெரியும். முதலில் எல்லையில்லாத வானம். பிறகு தலையை உயர்த்தித் தொலைவில் பார்வையைச் செலுத்துதல். அதன் பிறகு, வானத்தில் எதைக் கண்டார் என்று நாம் காத்திருக்கும்போது, வானத்தில் இல்லாத ஓர் ஊரின் பெயர் வருகிறது. அந்த ஊருக்குள் ஒரு மலையின் பெயர். மலையில் ஓர் எழுச்சி. இத்தனைக்கும் பிறகுதான் நிலா. அதாவது, அவர் கண்ணுக்கு முன்னே இருக்கும் ஒரே பொருளைச் சொல்வதற்கு முன்பாக, கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களைக் கடந்து வருகிறார்.

முதல் இரண்டு அடிகளில் புதுமை எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "வானவெளியைத் தொலைவு நோக்கிப் பார்க்கையில்" என்பது அவர்களுடைய பழைய கவிதைகளில் பலரும் ஆண்ட தொடர். ஃபுஜி மலையைப் பாடிய புகழ்பெற்ற பழம்பாட்டு ஒன்றிலும் இதே தொடர் உண்டு. எல்லோருக்கும் பொதுவான அந்த வானத்திலிருந்து இறங்கி, ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு மலையில் போய் நிற்பதுதான் இந்தக் கவிஞருடைய வேலை. உங்களிடம் உள்ள சீட்டுக்கட்டிலும் இது தெரியும். படம் போட்ட நூறு சீட்டுகளில் முழுக் கவிதை இருக்கும். மற்ற நூறு சீட்டுகளில் கடைசி இரண்டு அடிகள் மட்டும் இருக்கும். ஒருவர் முதல் பாதியைப் படிக்க, ஆடுபவர்கள் இரண்டாம் பாதி உள்ள சீட்டைத் தேடிப் பிடிப்பதுதான் ஆட்டம். ஏழாவது பாட்டுக்கு, காதில் வானம் விழும்போது கை தேடிப் போவது மலையும் நிலாவும் உள்ள சீட்டை.

இப்போது "எழுந்த" என்ற சொல்லுக்கு வருவோம். மூலத்தில் "இதேஷி". அதன் இறுதியில் நிற்கும் "ஷி" ஓர் இறந்தகால இடைநிலை போன்றது. பழைய ஜப்பானிய மொழியில் இறந்தகாலத்தைச் சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட உருபுகள் இருந்தன. கேள்விப்பட்டதற்கு ஒன்று, தானே அனுபவித்ததற்கு ஒன்று என்று இலக்கண நூலார் வேறுபடுத்துவார்கள். இங்கே வருவது இரண்டாவது வகை. ஆகவே "எழுந்த" என்பதற்குள் "நான் என் கண்ணால் கண்ட, முடிந்துபோன அந்த நாளில் எழுந்த" என்பது அடங்கியிருக்கிறது. தமிழ்ப் பெயரெச்சத்துக்கு இந்த நுட்பம் இல்லை. "அன்று எழுந்த" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் ஓரளவுக்கு ஈடுகட்டலாம். நான் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம், உங்களுக்கு மூலத்தின் எலும்பைக் காட்ட விரும்பியதுதான்.

உங்கள் மகனின் வரிகளில் உள்ள "இந்த", "அதே", "நினைத்துக்கொள்கிறேன்" ஆகிய மூன்றுமே மூலத்தில் இல்லை. "நான்" என்ற சொல்லும் இல்லை. சீனா இல்லை, கடல் இல்லை, தொலைவின் கணக்கு இல்லை, அழுகை இல்லை. இங்கே உங்களுக்குப் புறநானூற்று 112ஆம் பாட்டு நினைவுக்கு வந்திருக்கும். எத்தனை முறை அதை நடத்தியிருப்பீர்கள்! பாரி மகளிரும் ஒரு நிலவையும் ஒரு குன்றையும் வைத்துக்கொண்டுதான் இழப்பைச் சொன்னார்கள். ஆனால் அங்கே அற்றைத் திங்களும் இற்றைத் திங்களும் பாட்டுக்குள்ளேயே எதிரெதிராக நிற்கின்றன. அன்று தந்தை இருந்தார், இன்று இல்லை என்று இரண்டு பக்கமும் சொல்லப்படுகின்றன. இந்த ஜப்பானியப் பாட்டில் அற்றைத் திங்கள் மட்டுமே உண்டு. இற்றைத் திங்கள் பாட்டுக்கு வெளியே, தலைக்குறிப்பில் இருக்கிறது. 905ஆம் ஆண்டு அரசாணைப்படி தொகுக்கத் தொடங்கிய "கொக்கின்ஷூ" என்ற தொகை நூலில், பயணப் பாடல்களின் தொடக்கத்தில் இது வைக்கப்பட்டு, "சீன தேசத்தில் நிலாவைப் பார்த்துப் பாடியது" என்ற ஒற்றை வரி மேலே எழுதப்பட்டிருக்கிறது. நம் புறப்பாட்டுக்குக் கீழே திணையும் துறையும் பாடினோர் பெயரும் நிற்பது போன்றது அது. அந்த வரியை மறைத்துவிட்டுப் படித்தால், கசுகா இருக்கும் நாரா நகரத்து மனிதர் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் நின்று பாடியதாகக்கூட இதைக் கொள்ளலாம். குறிப்போடு சேர்த்துப் படித்தால்தான் "கசுகாவில் உள்ள" என்ற மூன்றாம் அடி கனக்கத் தொடங்குகிறது. நிலாவைப் பார்த்தார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியது இதனால்தான். சீட்டில் அந்தக் குறிப்பு அச்சிடப்படுவதில்லை.

அந்த மலை எந்த மலை என்று தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். கசுகா என்பது அன்றைய தலைநகரான நாராவின் கிழக்குப் பகுதி. மிக்கசா அங்கே உள்ள சிறிய மலை. கவிழ்த்த தொப்பி போன்ற வடிவம். நகரத்துக்குக் கிழக்கே இருப்பதால், நாராவில் வாழ்ந்தவருக்கு நிலா உதிக்கும் இடம் அதுவே. கவிஞர் அபே நோ நக்கமாரோ, 717ஆம் ஆண்டு, இருபது வயதை ஒட்டிய இளைஞராக, சீனப் பேரரசுக்குச் சென்ற அரசுத் தூதுக்குழுவோடு படிக்கப் போனவர். அந்த ஆண்டு, புறப்படுவதற்கு முன்பாக, தூதுக்குழுவினர் மிக்கசா மலையின் தெற்கே தெய்வங்களை வழிபட்டார்கள் என்று ஜப்பானிய அரச வரலாற்று நூல் ஒன்று பதிவு செய்திருக்கிறது. கடலில் போன கப்பல்கள் பல கவிழ்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காலம் அது. அத்தகைய வழிபாடு, நல்லபடி போய்த் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வழிபாட்டில் நக்கமாரோ நின்றாரா என்று பதிவில் இல்லை. ஆனாலும், ஊரின் எத்தனையோ மலைகளுக்கு நடுவே இந்த மலையின் பெயரை அவர் எடுத்திருப்பதை, வெறும் அழகான நினைவாக நான் வாசிப்பதில்லை. திரும்பி வருவேன் என்று வேண்டிக்கொண்ட இடம் என்றே வாசிக்கிறேன்.

இனி, உங்கள் மகனோடு நான் சற்றே மாறுபடும் இடம். "கடைசிவரை ஊர் திரும்பாதவர்" என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை, பாடிய நேரத்தில் அவருக்குத் தெரியாது. தொகை நூலில் பாட்டுக்குப் பின்னே நீண்ட குறிப்பு ஒன்று உண்டு. அதன்படி, பல ஆண்டுகள் திரும்ப முடியாமல் இருந்த நக்கமாரோ, தம் நாட்டிலிருந்து வந்த மற்றொரு தூதுக்குழுவோடு ஊருக்குப் புறப்பட்டு, மிங்சோ என்ற ஊரின் கடற்கரைக்கு வந்தார். அங்கே சீன நண்பர்கள் அவருக்கு வழியனுப்பு விருந்து வைத்தார்கள். இரவானதும் நிலா மிக அழகாக எழுந்தது. அதைப் பார்த்துப் பாடினார். ஆகவே இது ஊருக்குப் போக முடியாத மனிதரின் ஏக்கப் பாட்டு அன்று. பெட்டி கட்டி முடித்து, கப்பல் கரையில் நிற்க, மறுநாளோ மறுவாரமோ புறப்பட இருந்தவரின் பாட்டு.

ஆண்டு 753. ஊரை விட்டு 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரோடு போன கிபி நோ மக்கிபி என்ற மாணவர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே திரும்பிவிட்டார். நக்கமாரோவோ சாவ் ஹெங் என்ற சீனப் பெயரில் அரசவையில் உயர்ந்து, அரச நூலகத்தின் தலைவர் பதவி வரை சென்றிருந்தார். வாங் வெய் போன்ற பெருங்கவிஞர் அவருக்கு வழியனுப்புக் கவிதை எழுதினார். அந்த விருந்தில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் அந்நியர்கள் அல்லர். தம் வாழ்நாளின் பெரும்பாதியை அவர் கழித்தது அவர்களோடுதான். கடற்கரையில் நின்று கிழக்கே பார்க்கிறார். சீனத்தின் கீழைக் கடற்கரையிலிருந்து பார்த்தால் ஜப்பான் இருக்கும் திசை கிழக்கு. நிலா எழும் திசையும் அதுவே. பூமி சுழலும் கணக்கில், மிக்கசா மலைமேல் எழுந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது அந்தக் கரைக்கு எழும். தம் ஊரைக் கடந்து வந்த நிலாவை, தம் ஊருக்குப் போகும் கடலின்மேல் அவர் பார்க்கிறார்.

அந்த இடத்தில்தான் கடைசிச் சொல்லான "கமோ" வருகிறது. நம்முடைய "ஓ" போன்ற ஓர் இறுதி இடைச்சொல். வியப்பும் அதில் உண்டு, ஐயத்தின் சாயலும் உண்டு. "நிலாவேதான்!" என்றும் ஒலிக்கும், "நிலாவோ?" என்றும் ஒலிக்கும். "அதே நிலாதான்" என்று உங்கள் மகன் உறுதிப்படுத்திவிட்டார். உரையாசிரியர்கள் பலரும் வியப்பையே முதன்மையாகக் கொள்கிறார்கள், ஆகவே அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐயத்தின் சாயலை முழுவதும் துடைத்துவிடக் கூடாது. நிலா மாறியிருக்காது என்பது அவருக்கும் தெரியும். இருபது வயதில் கண்ட நிலாவையும் ஐம்பதைத் தாண்டிய வயதில் காணும் நிலாவையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரே சாட்சி அவருடைய கண்; அந்தக் கண்ணுக்கு அவ்வளவு உறுதி இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் வருகிற இந்தத் தயக்கம், வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பலரிடம் நான் கேட்டிருப்பதுதான். விமானச்சீட்டு எடுத்த பிறகுதான் ஊர் நினைப்பு அதிகம் வாட்டுகிறது என்பார்கள்.

அதன் பிறகு நடந்தது வேறு. நான்கு கப்பல்கள் கிளம்பின. நக்கமாரோ ஏறிய முதல் கப்பல் ஒக்கினாவா வரை வந்து, அங்கிருந்து புறப்படும்போது தரைதட்டி, பின்பு புயலில் அடித்துச் செல்லப்பட்டு, இன்றைய வியட்நாம் கரையில் ஒதுங்கியது. அவர் இறந்துவிட்டதாகவே நம்பிய சீனக் கவிஞர் லி பாய், "ஒளிமிக்க நிலா திரும்பவில்லை, நீலக் கடலில் மூழ்கிவிட்டது" என்று இரங்கற்பா எழுதினார். உண்மையில் நக்கமாரோ பிழைத்து, மீண்டும் சீனத் தலைநகரை அடைந்து, மேலும் பல ஆண்டுகள் பணியாற்றி, 770ஆம் ஆண்டு அங்கேயே இறந்தார். இந்தக் கதையைக் கேட்ட பிறகு, நம் மனம் கப்பல் சேதத்தை எடுத்துப் பாட்டுக்குள் ஊற்றிவிடுகிறது; லி பாயின் நிலாவும் நக்கமாரோவின் நிலாவும் ஒன்றாகிவிடுகின்றன. வகுப்பில் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஐந்து அடிகளை மட்டும் சொல்லச் சொன்னால், சோகம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று காட்ட அவர்களால் முடிவதில்லை. காட்ட முடியாதபோது, சோகத்தை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்தோம் என்று பொருள். பாட்டுக்குள் இருப்பது நெகிழ்ச்சியும் தயக்கமும். அதை அறிந்தபின், கதையைத் திரும்ப எடுத்து அருகில் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடியவர் திரும்பவில்லை, பாட்டு மட்டும் எப்படித் திரும்பியது? பாடிய நிகழ்ச்சிக்கும் தொகை நூலுக்கும் நடுவே நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கின்றன. கூடப் போன இரண்டாம் கப்பல் ஜப்பானை அடைந்தது. அதில் வந்தவர்கள் கொண்டுவந்திருக்கலாம். அந்த இரண்டாம் கப்பலில் வந்த சீனத் துறவி ஒருவரின் வாழ்க்கை வரலாறு, கப்பல்கள் புறப்பட்ட இடம் சூசோவுக்கு அருகே என்கிறது. தொகை நூல் சொல்லும் மிங்சோ அன்று. அந்த நீண்ட குறிப்பே "என்று சொல்லி வருகிறார்கள்" என்ற தொனியில்தான் முடிகிறது. ஆகவே, வேறொருவர் நக்கமாரோவின் நிலையில் தம்மை வைத்துப் பாடியிருக்கலாம் என்று ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. நான் இதைத் தீர்த்துவைக்க முடியாது. ஆனால் பாடியவர் யாராக இருந்தாலும், "தானே கண்ட" இறந்தகாலத்தை அவர் தேர்ந்தெடுத்தார் என்பது மாறாது.

இந்தப் பாட்டை முதலில் நெருங்கி வாசித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கி நோ ட்சுராயுகி, தொகை நூலைத் தொகுத்தவர்களில் ஒருவர். முதுமையில் தோசா என்ற தொலைவான மாகாணத்தில் ஆளுநராக இருந்துவிட்டு, 935இல் கடல்வழியே தலைநகருக்குத் திரும்பினார். அந்தப் பயணத்தை ஒரு பெண் எழுதும் நாட்குறிப்பு போல எழுதிவைத்தார். ஓரிரவு நிலா எழுகிறது. மலைமுகடு இல்லை, கடலின் நடுவிலிருந்தே எழுகிறது. உடனே அவருக்கு நக்கமாரோவின் நினைவு வருகிறது. பாட்டை எடுத்து எழுதும்போது முதல் அடியான "வானப் பெருவெளியை" என்பதை "நீலக் கடல்வெளியை" என்று மாற்றிவிடுகிறார். தாம் தொகுத்த பாட்டின் சொல் அவருக்கு மறந்திருக்க வாய்ப்பில்லை. கப்பலில் இருந்தவருக்கு வானத்துக்கு முன்னே கடல் கண்ணில் பட்டது. பாட்டைத் தம் இடத்துக்குக் கொண்டுவந்தார். மலையின் பெயரை மட்டும் அவர் தொடவில்லை. கூடவே ஒரு செய்தியும் சொல்கிறார்: சீன விருந்தினருக்கு மொழி புரியாது என்று நக்கமாரோ நினைத்தாராம், பொருளைச் சீன எழுத்தில் எழுதிக்காட்டி விளக்கச் செய்தபோது, எதிர்பார்த்ததற்கு மேலாகவே அவர்கள் உள்ளம் தோய்ந்து பாராட்டினார்களாம்.

நீங்கள் மகனோடு பேசும்போது, மூன்றாம் அடியிலும் நான்காம் அடியிலும் அவர் எந்த ஊரை, எந்த இடத்தை வைப்பார் என்று கேட்டுப் பாருங்கள். திண்டுக்கல் என்று சொன்னால் பாதிதான் ஆயிற்று. மலைக்கோட்டையா, தெருமுனையா, உங்கள் வீட்டு மொட்டை மாடியா என்பது வரைக்கும் கேளுங்கள். பிறகு அவருக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். நக்கமாரோவுக்கு ஊர் கிழக்கே இருந்தது. ஊரில் முதலில் எழுந்து, பிறகு அவரிடம் வந்தது நிலா. உங்கள் மகனுக்கு ஊர் மேற்கே. நகோயாவில் எழும் நிலா உங்கள் ஊரில் எழ ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அவர் சன்னலில் பார்க்கும்போது உங்களுக்கு இன்னும் எழுந்திருக்காது; அவர் பார்த்துவிட்டு அனுப்பிய நிலாதான் உங்கள் மாடிக்கு வருகிறது. அந்தத் திசை மாற்றத்துக்குப் பிறகு "எழுந்த" என்ற இறந்தகாலம் அவருக்குப் பொருந்துமா, வேறு காலம் வேண்டுமா என்று அவரையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதினால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.